ஸ்மார்ட்போன் இல்லாத அப்பாவுக்கு ஆப்பிள் வாட்ச்: ஒன்றரை வருட அனுபவம்

அப்பாவுக்கு வயது 74. எங்களோடு நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறார். ஒரு மடக்கு போன் வைத்திருக்கிறார், அதுவும் பாதி நாள் சாப்பாட்டு மேஜையிலேயே கிடக்கும். காலையில் ரூஸ்வெல்ட் பூங்காவுக்குத் தனியாக நடக்கப் போவார். பனிக்காலத்தில் எங்காவது வழுக்கி விழுந்தால் எங்களுக்கு யார் சொல்வது என்ற கவலையில்தான் வாட்ச் வாங்கினோம். ஐபோன் வாங்கிக் கொடுத்தால் தொடவே மாட்டார், அதனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு ஆப்பிள் வாட்ச் தர ஒரே சரியான வழி ஃபேமிலி செட்டப், இப்போது ஆப்பிள் இதை Apple Watch For Your Kids என்று சொல்கிறது. வீட்டில் ஒருவரிடம் ஐபோன் இருந்தால் போதும், அந்த போன் மேலாளர் மாதிரி இருக்கும், வாட்ச்சுக்குத் தனி ஆப்பிள் கணக்கும் தனி நம்பரும் வந்துவிடும். முக்கியமாக, வாட்ச் செல்லுலார் மாடலாக இருக்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஜிபிஎஸ் மட்டும் உள்ள மாடலை எடுத்தால் இந்த வழி திறக்கவே திறக்காது. நாங்கள் எடுத்தது எஸ்.இ. செல்லுலார். மாதச் சந்தா வரியெல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு டாலர் வருகிறது.

தெரிந்தவர்கள் சிலர் குறுக்குவழியாக, தங்கள் ஐபோனிலேயே இரண்டாவது வாட்ச்சாக இணைத்து அம்மா அப்பா கையில் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அம்மாவின் இதயத் துடிப்பும் நடையும் உங்கள் ஹெல்த் கணக்கில் கலந்துவிடும், உங்களுக்கு வரும் மெசேஜ் அவர் கையில் ஒலிக்கும், அவசரத்தில் ஆம்புலன்ஸ்காரர் வாட்ச்சைப் பார்த்தால் மெடிக்கல் ஐடியில் உங்கள் பெயரும் உங்கள் மருந்துகளும்தான் இருக்கும்.

செட்டப் செய்ய என் ஐபோனில் Watch ஆப், அதில் All Watches, Add Watch, பிறகு Set Up for a Family Member. அந்த வழியிலேயே அப்பாவுக்குப் புதுக் கணக்கு தொடங்கலாம். இரண்டு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஒன்று, பிறந்த தேதி. வயது 55-க்கு மேல் என்றால் விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி தானாகவே ஆன் ஆகிவிடும், அதனால் அவசரத்தில் ஏதோ ஒரு வருடத்தைத் தட்டிவிடக் கூடாது. இரண்டாவது, கணக்கைச் சரிபார்க்கும் நம்பர். பின்னால் iCloud.com-ல் அப்பா கணக்கில் நுழையும்போது சரிபார்ப்புக் குறியீடு அந்த நம்பருக்குத்தான் வரும், ஆகவே என் நம்பரைக் கொடுத்துவைத்தேன். செல்லுலார் ஆக்டிவேஷன் அன்றைக்கு நடக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தால், முதலில் ஒரு போன் லைன் எடுத்து அதோடு வாட்ச்சைச் சேருங்கள் என்று சொன்னார்கள். அது தேவையே இல்லை. ஃபேமிலி செட்டப் என்ற பெயரைச் சொல்லி, அது தெரிந்த ஆளிடம் இணைக்கச் சொன்ன பிறகு சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

அடுத்த நாள் உட்கார்ந்து iCloud.com-ல் அவர் கான்டாக்ட்ஸைத் தமிழில் ஏற்றினேன். வாட்ச்சில் தமிழ் எழுத்து நன்றாகத் தெரிகிறது. ஆறே பேர், ‘பெரியவன்’, ‘மருமகள்’ என்று அவர் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே. கான்டாக்ட்ஸைத் திறந்து பக்கத்துக் குமிழைக் கொஞ்சம் திருகினால் மொத்தப் பட்டியலும் வந்துவிடும், அதற்கு மேல் அவர் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. சிரியிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

முதல் மாதம் பெரிய தொல்லை வாட்ச்பட்டைதான். அப்பா ஆயுள் முழுக்க ஸ்டீல் செயின் வாட்ச்சைத் தொளதொளவென்று கட்டிப் பழகியவர், இதையும் அப்படியே கட்டினார். பட்டை தளர்ந்தால் வாட்ச்சின் அடிப்பக்க சென்சார் தோலை விட்டு விலகும், உடனே கையில் இல்லை என்று நினைத்துப் பூட்டிக்கொண்டு பாஸ்கோடு கேட்கும். “இது என்னப்பா, எடுத்ததுக்கெல்லாம் நம்பர் கேக்குது?” என்று சலித்துக்கொள்வார். கையில் இருப்பதைக் கண்டறியும் Wrist Detection-ஐ அணைத்துவிட்டால் தொல்லை தீரும்தான், ஆனால் அதை அணைத்தால் விழுந்தபோது தானாக 911-ஐ அழைக்கும் வேலையும் நின்றுவிடும். அதனால் அணைக்காமல் பட்டையை மாற்றினோம். துளை போட்ட ரப்பர் பட்டைக்குப் பதில், ஒட்டிப் பிரிக்கும் துணிப்பட்டை. விரல் வலி உள்ளவருக்கும் போடுவது எளிது, எந்த அளவுக்கும் இறுக்கலாம். அதன் பிறகு பாஸ்கோடு சார்ஜ் ஏற்றி எடுத்தபின் ஒரு தடவை, அவ்வளவுதான்.

சார்ஜ் நேரத்தையும் யோசித்து வைத்தோம். எல்லோரும் இரவில்தான் சார்ஜ் போடுகிறார்கள். ஆனால் வயதானவர்கள் நடு இரவில் பாத்ரூம் போகும்போதுதான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் வாட்ச் மேஜையில் இருந்து என்ன பயன்? அதனால் சாயங்காலம் அவர் டிவி சீரியல் பார்க்க உட்காரும்போது ஒன்றரை மணி நேரம் போல சார்ஜில் போடுவார், படுக்கப் போகும்போது கையில் இருக்கும். இரண்டு வாரம் நினைவுபடுத்தினோம், பிறகு அவரே செய்கிறார்.

ஒரு முறை நிஜமாகவே விழுந்தார். டிரைவ்வேயில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ், கால் வழுக்கிப் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். வாட்ச் கையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறது. அசைவே இல்லாமல் ஒரு நிமிடம் போல இருந்திருந்தால் தானாக 911-ஐ அழைத்து, அது முடிந்ததும் எங்களுக்கு இருக்குமிடத்தோடு மெசேஜ் அனுப்பியிருக்கும். அவர் எழுந்துவிட்டார், நான் முன்பே படம் காட்டிப் பழக்கியிருந்ததால், விழுந்தேன் ஆனால் நலம் என்ற பட்டனைத் தட்டினார். நல்லதுதான், ஆனால் அப்படித் தட்டிவிட்டால் குடும்பத்தில் யாருக்கும் எந்தத் தகவலும் வராது. சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது விதி ஒன்று வைத்திருக்கிறோம், அந்தத் திரை வந்தால் என்ன பட்டனைத் தட்டினாலும் அடுத்து எனக்கு போன். இன்னொரு முறை சோபாவிலிருந்து மெதுவாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார், வாட்ச் ஒன்றுமே சொல்லவில்லை. வேகமாக, பலமாக விழுவதைத்தான் அது பிடிக்கும். படிப்படியாகச் சரிபவர்களுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

தூக்கத்தில் கை மடங்கிப் பக்கத்து பட்டன் நீண்ட நேரம் அழுந்தி சைரன் அடித்தது ஒரு இரவு. அமைப்புகளில் SOS பகுதிக்குள் Hold Side Button-ஐ அணைத்தேன். பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் திரையில் விரலை இழுத்து அழைக்கும் வழி அப்படியே இருக்கிறது, விழுந்தால் அழைப்பதும் இருக்கிறது.

இருக்குமிடம் பார்க்க அப்பா சம்மதித்தார், அதை அவரிடம் கேட்டுத்தான் ஆன் செய்தேன். பூங்காவில் நேரமானால் Find My-ல் பார்த்துக்கொள்கிறேன், அடிக்கடி எட்டிப்பார்ப்பதில்லை.

யாருக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அத்தைக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத பிரச்சினை இருக்கிறது, அவருக்கும் இதே மாதிரி வாங்கலாமா என்று அவர் மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஃபேமிலி செட்டப்பில் துடிப்பு மிக அதிகமானாலோ குறைந்தாலோ எச்சரிக்கும், ஆனால் ஒழுங்கற்ற துடிப்புக்கான எச்சரிக்கை வராது, இசிஜி எடுக்க முடியாது, அந்த வசதி உள்ள விலை கூடிய மாடலை வாங்கினாலும் இதே கதைதான். அத்தைக்கு வேண்டியதே அதுதான். அதற்கு அவர் பெயரில் ஒரு ஐபோன் வேண்டும், வாட்ச்சோடு வேலை செய்யும் பழைய மாடலாக இருந்தாலும் போதும். ஃபேமிலி செட்டப்பில் தொடங்கிவிட்டுப் பிறகு ஐபோனுக்கு மாற நினைத்தால் வாட்ச்சை முழுக்க அழித்துப் புதிதாக இணைக்க வேண்டியிருக்கும், ஆகவே அதை வாங்கும்போதே முடிவு செய்துகொள்ளச் சொன்னேன்.