சாமான் செலவு மூன்று மடங்கா, கூலி சேர்த்த கணக்கா: வீட்டுச் சமையல் ஆர்டருக்கு எந்த விலை நியாயம்?

வீட்டிலிருந்து சமைத்துக் கொடுப்பவர்கள் விலை வைக்கிற வழிகள் மூன்று. சாமான் செலவை மூன்றால் பெருக்குவது ஒன்று. சாமான், கூலி, மற்ற செலவு எல்லாவற்றையும் கூட்டி மேலே லாபம் வைப்பது இன்னொன்று. அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து அதே விலையைச் சொல்வது மூன்றாவது. ஒரே ஆர்டரை மூன்றிலும் போட்டுப் பார்த்தால்தான் எது எங்கே காலை வாரும் என்று தெரியும். விகிதம்தான் முக்கியம் என்பதால் ரூபாய், டாலர் என்று எதுவும் போடாமல் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.

ஆர்டர் 20 ப்ளேட். சோறு, எலும்பில்லாத கோழிக் குழம்பு, ஒரு காய், ஒரு இனிப்பு.

எந்த வழியில் போனாலும் முதலில் சாமான் செலவு சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ப்ளேட்டுக்கு 120 கிராம் வெந்த கோழி என்றால் 20 பேருக்கு 2.4 கிலோ. கிலோ 100 என்றால் 240 என்று எழுதிவிடுவோம். ஆனால் வேகும்போது கோழி ஏறக்குறைய கால் பங்கு எடை இழக்கும். அதனால் பச்சையாக 3.2 கிலோ வேண்டும். கொழுப்பு, ஜவ்வு எடுத்ததில் இன்னும் கொஞ்சம் போகும். கடையில் வாங்க வேண்டியது 3.4 கிலோ, அதாவது 340. ஒரே பொருளில் 100 காணாமல் போயிருக்கும். வெங்காயத்துக்கும் காய்க்கும் இதே கதைதான்: தோல், காம்பு, விதை போனபின் மிஞ்சுவதுதான் ப்ளேட்டுக்கு வரும், காசு கொடுப்பதோ முழு எடைக்கு. ஒருமுறை சமைக்கும்போது வாங்கிய எடை, சுத்தம் செய்த எடை, வெந்த எடை மூன்றையும் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டால் அடுத்த ஆர்டருக்கு ஊகம் தேவைப்படாது.

கோழி 340, அரிசி 40, காய்கறி 110, எண்ணெயும் மசாலாவும் 90, இனிப்புச் சாமான் 100. மொத்தம் 680. அளவு குறைந்துவிடக் கூடாதே என்று இரண்டு ப்ளேட் கூடுதலாகச் சமைப்போம். அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 750, ப்ளேட்டுக்கு 37.50.

மூன்றால் பெருக்கினால் ப்ளேட் 112.50, மொத்தம் 2250. முடிந்தது வேலை. இந்த வழியின் கவர்ச்சியே அதுதான்.

இப்போது கூட்டல் கணக்கு. சாமான் 750, டப்பாவும் பையும் 100, எரிபொருள் 60, டெலிவரி 90, பாத்திரத் தேய்மானம் 30. அடுத்தது நேரம். வாங்கி வர ஒன்றரை மணி, நறுக்கித் தயார் செய்ய இரண்டரை, சமைக்க இரண்டரை, கட்ட ஒன்று, கொடுத்துவிட்டு வந்து பாத்திரம் தேய்க்க ஒன்றரை. ஆக 9 மணி நேரம். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று யாராவது சொல்வார்கள். நமக்கு உடம்பு சரியில்லாத நாளில் வேறொருவரை வைத்துச் செய்தால் மணிக்கு என்ன கொடுப்போமோ, அதுதான் நம் கூலி. 80 என்று வைத்தால் 720. எல்லாம் கூட்ட 1750.

விலையில் 20 சதவீதம் லாபமாக நிற்க வேண்டுமென்றால் 1750-ஐ 0.8 ஆல் வகுக்க வேண்டும்: 2187, ப்ளேட் 109. செலவின் மேல் 20 சதவீதம் ஏற்றினால் 2100தான் வரும், அதில் லாபம் விலையின் 17 சதவீதத்தைக்கூடத் தொடாது.

112-ம் 109-ம் கிட்டத்தட்ட ஒன்றுதானே, எதற்கு இந்தப் பாடு என்று தோன்றும். ஆர்டரின் அளவை மாற்றிப் பாருங்கள்.

| ஆர்டர் | மூன்று மடங்கு (ப்ளேட்டுக்கு) | கூட்டல் கணக்கு (ப்ளேட்டுக்கு) |
|---|---|---|
| 8 ப்ளேட் | 112 | 151 |
| 20 ப்ளேட் | 112 | 109 |
| 50 ப்ளேட் | 112 | 93 |

8 ப்ளேட்டுக்கு சாமான் 300தான், மூன்று மடங்கு 900. ஆனால் கடைக்குப் போவதும், அடுப்படியைக் கழுவுவதும், டெலிவரிக்கு அலைவதும் 8 பேர் என்பதற்காகப் பாதியாகிவிடாது. 9 மணி வேலை 6 மணிக்குத்தான் இறங்கும். செலவே 965 ஆகிவிடுகிறது. கையிலிருந்து 65 போட்டு ஊருக்குச் சமைத்துப் போட்ட கதை. 50 ப்ளேட்டில் தலைகீழ்: 15 மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு மூன்று மடங்கு விலை 5625 கேட்கும், 4625 போதும். அந்த ஆயிரத்துக்காகவே வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பண்டம் மாறினாலும் பெருக்கல் தடுமாறும். மாவில் காய்ப் பூரணம் வைத்துக் கையால் மடிக்கிற பண்டத்துக்குச் சாமான் ப்ளேட்டுக்கு 12தான், பெருக்கினால் விலை 36. ப்ளேட்டுக்கு எட்டு வீதம் 160 எண்ணம் மடித்து, வேகவைத்து, கழுவி முடிக்க 8 மணி நேரம் என்றால் கூலி மட்டும் ப்ளேட்டுக்கு 32. விலை உயர்ந்த மீனை அடுப்பில் வைத்து எடுப்பவருக்கோ அதே பெருக்கல் உழைக்காத காசைக் கொடுக்கும்.

அக்கம்பக்க விலையை நான் விலை வைக்கப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் கோழி எத்தனை கிராம் வைக்கிறார்கள், டெலிவரி சேர்த்தா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் உரைகல்லாக அது உதவும். ஊரில் இதே சாப்பாடு 95-க்குப் போகிறது என்றால் 109 சொல்ல வாய் கூசும். அப்போது கூலியில் கை வைக்காமல் மெனுவில் கை வைக்கலாம். இனிப்பை எடுத்தால் கூடுதல் ப்ளேட்டுக்கானதையும் சேர்த்துச் சாமானில் 110, ஒன்றரை மணி நேரக் கூலியில் 120 குறையும். 1520-ஐ 0.8 ஆல் வகுத்தால் 1900. ப்ளேட் 95.

தள்ளுபடி கேட்பவரிடமும் இதையே சொல்லலாம். 2187-இல் 10 சதவீதம் என்பது 219. அது போவது நம் லாபமான 437-இலிருந்து. பாதி லாபம் போய்விடும். எதை எடுத்துவிடலாம் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இனிப்பே வேண்டாம் என்பார்கள்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் இவ்வளவு கூட்டிக்கொண்டிருக்க முடியாதுதான். இந்த மெனுவுக்கு நான் விலையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: எத்தனை பேரானாலும் மாறாத வேலைக்கு ஆர்டருக்கு 550, அதன் மேல் ப்ளேட்டுக்கு 81. 8 பேருக்கு 1198, 20 பேருக்கு 2170, 50 பேருக்கு 4600. முழுக் கணக்கோடு ஒப்பிட்டால் 25-க்கு மேல் எங்கும் விலகவில்லை. போனில் கேட்டவுடன் சொல்லிவிடலாம். கோழி விலை ஏறினால் அந்த 81-ஐ மட்டும் திருத்தினால் போதும்.