24 வோல்ட் கிணற்று மோட்டருக்கு எந்தக் காபன் பிரஷ்: கிரைண்டருடையதா, ஸ்ராட்டருடையதா, சரியான ரகமா?

சோலார் தகட்டில் ஓடும் 24 வோல்ட் தண்ணீர் மோட்டரில் தீப்பொறி கூடி, காபன் கட்டையாகத் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ கடைக்குப் போனால் உடனே கைக்கு வருவது இரண்டுதான். ஒன்று கிரைண்டர் காபன், மற்றது லான்ட்மாஸ்டர், ஓட்டோ ஸ்ராட்டர்களுக்கான காபன். இரண்டையும் அரத்தால் தேய்த்து அளவாக்கிப் போட்டுவிடலாம் என்பார்கள். மூன்றாவது வழி, அந்த மோட்டருக்கு ஏற்ற ரகத்தை வவுனியாவிலோ கொழும்பிலோ சொல்லி எடுப்பித்துப் பூட்டுவது. நான் பூட்டி ஓட்டுவது மூன்றாவதுதான். காபனின் விலையைப் பார்த்தல்ல, பிரஷ் உரசி ஓடும் செப்பு உருளையான கொமியூட்டேற்றரைப் பார்த்தே அந்த முடிவு.

கணக்குக்கு ஒரு மோட்டரை எடுப்போம்: 24 வோல்ட், சுமையில் 10 அம்பியர், பிரஷ் முகம் 6 மில்லிமீற்றருக்கு 10 மில்லிமீற்றர். அதாவது 0.6 சதுர சென்ரிமீற்றர் முகத்தால் 10 அம்பியர் போகிறது. சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 17 அம்பியர்.

கிரைண்டர் காபனைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அது 230 வோல்ட்டில் சில அம்பியருக்குச் செய்தது, தடை கூடியது. பிரஷும் கொமியூட்டேற்றரும் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 2 முதல் 3 வோல்ட் வரை விழும். 230 வோல்ட்டில் அது தெரியவே தெரியாது. 24 வோல்ட்டில் 3 வோல்ட் போனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. 10 அம்பியரில் 30 வாட் வெப்பம் அந்த இரண்டு சின்னத் துண்டுகளில் இறங்கும். செம்பு கலக்காத காபனுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 10 அம்பியர் அளவுதான் சுகம், இங்கே 17. தண்ணீர் குறையும், பிரஷ் கூடு கை வைக்க முடியாமல் சுடும், ஸ்பிறிங் நீலம் பாய்ந்து தளரும். ஸ்பிறிங் தளர்ந்த பிறகு பிரஷ் துள்ளும், துள்ளினால் பொறி.

ஸ்ராட்டர் காபன்தான் ஆளை ஏமாற்றுவது. அதில் செம்பு மிக அதிகம், விழும் வோல்ட் மிகக் குறைவு. பூட்டியவுடன் மோட்டர் முன்னையைவிட விசையாகச் சுற்றும், தண்ணீரும் நன்றாக வரும். ஆனால் ஸ்ராட்டர் ஓடுவது சில விநாடிகள். கிணற்று மோட்டர் வெயில் இருக்கும் வரை ஓடும். அதோடு, பிரஷ் கொமியூட்டேற்றரின் ஒரு செப்புச் சட்டத்திலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது இரண்டையும் ஒருசேரத் தொட்டு, அவற்றோடு இணைந்த சுருளைக் குறுக்கிணைத்து விடுகிறது. அந்தச் சுருளுக்குள் சுற்றும் மின்னோட்டத்தை அடக்குவது பிரஷின் தடைதான். செம்பு கூடினால் அந்தத் தடை இல்லாமல் போகும். சட்டத்தை விட்டு விலகும் ஓரத்தில் அந்த மின்னோட்டம் பொறியாக அறுகிறது. ஊசி முனை அளவில் நீலமாகத் தெரிந்தால் பயமில்லை. மஞ்சளாக நீண்டு, பிரஷுக்குப் பின்னால் வால்போல் இழுபட்டால் செப்புச் சட்டத்தின் ஓரம் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நான் மூன்றாவதின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பிரஷ் தேய்வதற்கென்றே செய்த பொருள், மாற்றலாம். கொமியூட்டேற்றர் அப்படியல்ல. எரிந்து பள்ளம் விழுந்தால், சுருள்களோடு சுழலும் பாகமான ஆமேச்சரைக் கழற்றி, லேத்தில் ஏற்றி, முகத்தைச் சமப்படுத்த வேண்டும். ஒவ்வொரு கடைச்சலிலும் செம்பு குறையும், சின்ன மோட்டரில் சில தடவைக்கு மேல் கடைய இடம் இராது. கடைந்தால் வேலை முடிந்ததென்றும் இல்லை. சட்டங்களுக்கு நடுவே இருக்கும் மைக்கா செம்போடு சம உயரத்துக்கு வந்துவிடும். மைக்கா செம்பைவிட மெதுவாகத் தேய்வதால் சில நாளில் மேலே துருத்தி, பிரஷைத் தூக்கி எறியும். ஆகவே வாள் அலகைக் காடியின் அகலத்துக்கு மெலிதாக அரைத்து, ஒவ்வொரு காடியிலும் மைக்காவை அரை மில்லிமீற்றர் முதல் 0.8 மில்லிமீற்றர் ஆழத்துக்கு எடுக்க வேண்டும். காடியின் இரு சுவரிலும் மைக்கா ஒட்டி நிற்கக் கூடாது. பல கடைச்சல்காரர் இந்த வேலையைச் செய்யாமலே திருப்பித் தருவதால், கையில் வாங்கும்போதே நகத்தால் காடியைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட வேண்டும்.

சரியான ரகம் என்பது செம்பும் கிராஃபைற்றும் நடுத்தரமாகக் கலந்தது. பழைய பிரஷின் ஒரு மூலையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் விளங்கும். ஸ்ராட்டருடையது செம்பு நிறமாகவே மினுங்கும், கிரைண்டருடையது கறுப்பு. நமக்கு வேண்டியது சாம்பலில் செம்புப் பொட்டுகள் மினுங்குவது. பிரஷின் பக்கவாட்டில் பொறித்த எழுத்தும் எண்ணும் அழியுமுன் எழுதி வைத்து, பழைய துண்டோடு சேர்த்து அனுப்பினால் கடைக்காரருக்கும் தடுமாற்றமில்லை. இது எவ்வளவு காலம் உழைக்கும் என்று மணிக்கணக்கில் சொல்ல மாட்டேன். புழுதியும் சுமையும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. கொமியூட்டேற்றர் முகம் மட்டும் சொக்கலேற் நிறத்தில் வழவழப்பாக நிற்கும். அந்த நிறம் அழுக்கல்ல, பிரஷ் வழுக்கி ஓடும் படலம். பளபளப்புக்காக அதைத் தேய்த்தெடுக்க வேண்டாம்.

பயிர் வாடுகிறது, பார்சல் வரும்வரை பொறுக்க முடியாது என்றால் ஸ்ராட்டர் காபனை இடைக்காலத்துக்குப் போடலாம். வயர் பொருந்தியிருக்கும் பக்கத்தைத் தேய்க்க வேண்டாம். வயரைக் கழற்றிவிட்டால் மின்னோட்டம் ஸ்பிறிங் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும். பிரஷ் தன் பாரத்தாலேயே கூட்டுக்குள் இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

எந்த ரகமானாலும் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். வேலைக்கு முன் தகட்டின் இணைப்பைக் கழற்றுங்கள். 150ஆம் இலக்க மணல் கடதாசியைக் கொமியூட்டேற்றரில், மணல் பக்கம் பிரஷைப் பார்க்கச் சுற்றி, மோட்டர் சுழலும் திசைக்கே இழுத்தால் பிரஷ் முகம் வளைவுக்குப் பொருந்தும். கறுப்பு எமரிக் கடதாசி கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷைத் தின்னும். தூளை ஊதித் தள்ளிய பின், குறைந்த சுமையில் சில மணிநேரம் ஓட்டி, கழற்றிப் பாருங்கள். முகத்தில் முக்கால் பங்காவது மினுங்க வேண்டும். ஸ்பிறிங்கைச் சோதிக்க, பிரஷின் கீழ் மெல்லிய கடதாசித் துண்டை வைத்து, ஸ்பிறிங் நுனியை வில் தராசால் மேலே இழுங்கள். கடதாசி வழுகும் கணத்தில் இந்த மோட்டருக்கு 120 முதல் 200 கிராம் வரை காட்டினால் போதும், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் செம்மண் புழுதி பிரஷ் கூட்டுக்குள் இறங்கிப் பிரஷை இறுக்கிவிடும். அப்போது மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, சைக்கிள் பம்பால் ஊதி, பிரஷை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நீளம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலோ, வயர் கொமியூட்டேற்றரை நெருங்கினாலோ மாற்றுங்கள். கிறீஸும் எண்ணெயும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

சட்டங்களில் ஒன்று மட்டும், அல்லது எதிரெதிரே இரண்டு மட்டும் கருகி, மற்றவை சுத்தமாக இருந்தால் பிரஷ் மாற்றிப் பயனில்லை. அந்தச் சட்டத்தில் சுருள் வயர் ஒட்டியிருக்கும் இடம் விட்டிருக்கும், அல்லது சுருளே அறுந்திருக்கும். ஒட்டு விட்டிருந்தால் திரும்ப ஈயம் பற்றவைக்கலாம். சுருள் அறுந்திருந்தால் ஆமேச்சர் சுற்றக் கொடுக்க வேண்டும்.