பிரெஞ்சுக் கூட்ட அழைப்பு: அடுக்குமாடி முறையா, நகரசபை முறையா?

பிரான்சில் 1901 ஜூலை 1 சட்டப்படி பதிவான சங்கம் ஒன்றுக்கு நீங்கள் செயலாளர் ஆகிவிட்டால், முதல் பெரிய வேலை பொதுக்கூட்ட அழைப்புதான். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், ஊர்ச் சங்கங்கள் பலவும் இந்தச் சட்டத்தின் கீழ் வருபவை. வேடிக்கை என்னவென்றால், கூட்டத்தை எப்படி அழைப்பது என்று அந்தச் சட்டம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சங்கத்தின் யாப்புக்கே விட்டுவிட்டது. யாப்பைத் திறந்தால், பெரும்பாலும் 'குறைந்தது 15 நாள் முன்னதாக, நிகழ்ச்சி நிரலுடன்' என்று ஒரே வரிதான் இருக்கும். அல்சாஸ், மொசேல் பகுதிகளில் மட்டும் பழைய உள்ளூர்ச் சட்டம் செல்லும். அங்கே பேசப்போகும் பொருளை அழைப்பில் குறிக்காவிட்டால் தீர்மானம் செல்லாது.

அந்த ஒரு வரியை வைத்து அழைப்பை எப்படி எழுதுவது? பிரெஞ்சுச் சட்டத்திலேயே பார்த்துப் பழக இரண்டு மாதிரிகள் உண்டு. ஒன்று, அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் கூட்டமான கொப்ரொப்ரியெத்தே. 1965ஆம் ஆண்டுச் சட்டமும் 1967ஆம் ஆண்டு ஆணையும் அதன் அழைப்பை வரிவரியாகக் கட்டிப்போட்டிருக்கின்றன. மற்றது நகரசபைக் கூட்டத்துக்கு மேயர் அனுப்பும் அழைப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்துவிடும்.

கெடுவிலிருந்தே தொடங்கலாம், அதிகம் சறுக்குவது அங்கேதான். கூட்டம் 2025 ஜூன் 26, வியாழன் மாலை என்று வைத்துக்கொள்வோம். அடுக்குமாடியில் 21 நாள் முன்பே அழைப்பு போக வேண்டும். அந்த 21 நாளை நீங்கள் அனுப்பிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது. தபால்காரர் பதிவுத் தபாலை முதல் தடவை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோன நாளுக்கு மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஆக ஜூன் 4 அன்று கடிதம் வாசலுக்குப் போயிருந்தால், 5 முதல் 25 வரை சரியாக 21 நாள், 26இல் கூட்டம் நடத்தலாம். ஒரே ஒருவருக்கு மட்டும் 5ஆம் தேதி போயிருந்தாலும் அவருக்கு ஒரு நாள் குறைந்துவிட்டது. அவர் கூட்டத்துக்கு வராதவராகவோ எதிர்த்து வாக்களித்தவராகவோ இருந்தால், கூட்ட அறிக்கை முறைப்படி அறிவிக்கப்பட்ட இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம். அந்த ஒரு நாளால் தனக்கு நட்டம் என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை, கெடு தவறியது போதும். அதே சமயம், வீட்டில் ஆள் இல்லாமல் கடிதம் தபாலகத்தில் கிடந்து பத்து நாள் கழித்து வாங்கினாலும் கணக்கு மாறாது. முதல் தடவை கொண்டுபோன நாள்தான் நாள்.

2024 ஏப்ரல் சட்டத்துக்குப் பிறகு மின்வழி அனுப்புவதே அங்கே இயல்பான வழி, தாளில் வேண்டும் என்பவர் கேட்டுப் பெறலாம். ஆனால் அது சாதாரண மின்னஞ்சல் இல்லை. அனுப்பியதற்கும் நேரத்துக்கும் சான்று தரும் சேவை வழியாகப் போக வேண்டும். 'உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது' என்ற அறிவிப்பு போன நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணிக்கை.

நகரசபையில் கணக்கு வேறு. 3,500 பேருக்குக் குறைவான ஊர் என்றால் 3 முழு நாள், அதற்கு மேல் என்றால் 5 முழு நாள். அனுப்பிய நாளும் சேராது, கூட்ட நாளும் சேராது. ஞாயிறும் நாள்தான். அதே ஜூன் 26 கூட்டத்துக்கு, பெரிய ஊரில் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அழைப்பு போய்விட வேண்டும். 21, 22, 23, 24, 25 என்று ஐந்து நாள் நடுவில் கிடைக்கிறது. சின்ன ஊரென்றால் 22 வரை நேரம் உண்டு. அவசரம் என்றால் மேயர் இதைக் குறைக்கலாம், ஆனால் ஒரு முழு நாளுக்குக் கீழே இறக்க முடியாது. அப்புறம் கூட்டம் தொடங்கியதும் என்ன அவசரம் என்று சபைக்கு விளக்கவும் வேண்டும்.

சங்கத்துக்கு இதில் எது? 21 நாளும் பதிவுத் தபாலும் வீண் செலவு. 3 நாள் மிகக் குறைவு, ஞாயிறு வேலைக்குப் போகும் உறுப்பினருக்கு விடுப்பு எடுக்கவே நேரம் இராது. யாப்பில் இருக்கும் 15 நாளையே வைத்துக்கொண்டு, அதை நகரசபை போல முழு நாளாக எண்ணுவதுதான் என் பரிந்துரை. ஜூன் 26 கூட்டத்துக்கு 10ஆம் தேதி செவ்வாய்தான் கடைசி. அந்த வருடம் 9ஆம் தேதி பெந்தெகொஸ்தே திங்கள் விடுமுறை, ஆகவே 6ஆம் தேதி வெள்ளியே அனுப்பிவிடுவது நல்லது.

நிகழ்ச்சி நிரலில் அடுக்குமாடி முறைதான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. அங்கே ஒவ்வொரு விஷயமும் தனித்தனியாக, வாக்கெடுப்புக்கு விடப்போகும் தீர்மானத்தின் வாசகத்தோடு வர வேண்டும். நிரலில் இல்லாததைப் பேசலாம், முடிவெடுக்க முடியாது. நகரசபை நிரலோ பெரும்பாலும் தலைப்போடு நின்றுவிடுகிறது.

சங்கங்களின் அழைப்பில் வழக்கமாகப் பார்ப்பது இப்படி இருக்கும்:

1. நிர்வாக அறிக்கை
2. கணக்கறிக்கை
3. சந்தா
4. பல்வகை விஷயங்கள்

மூன்றாவதைப் பாருங்கள். சந்தாவைக் கூட்டப்போகிறார்களா, குறைக்கப்போகிறார்களா, போன வருடம் கட்டாதவர்களைப் பற்றியா? படித்தவருக்குத் தெரியாது. கூட்டத்துக்குப் போகாமலே விட்டவர், பிறகு 20 யூரோ 30 ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டால் சண்டைக்கு வரத்தான் செய்வார். அதையே 'தீர்மானம் 3: 2026ஆம் ஆண்டுச் சந்தா 20 யூரோவிலிருந்து 30 யூரோவாக உயர்த்தப்படுகிறது. வந்திருப்போரில் பெரும்பான்மை' என்று எழுதினால் வேலை முடிந்தது. வேண்டாம் என்பவர் நேரில் வருவார், அல்லது தன் சார்பில் வாக்களிக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பார்.

நான்காவது வரி பிரான்சில் எந்த அழைப்பிலும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்கச் சொல்லவில்லை, ஆட்களுக்கு மனதில் இருப்பதைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். ஆனால் அதன் கீழ் வாக்கெடுப்பு வைக்கக் கூடாது. 'மண்டபம் மாற்றுவது பற்றி இப்போதே கை தூக்குவோமே' என்று யாராவது கிளம்பினால், தலைவர் அதை அடுத்த கூட்டத்து நிரலுக்கு எழுதிக்கொண்டு மேலே போக வேண்டும். சங்கத்து வழக்குகளில் நீதிபதி முதலில் யாப்பைப் பார்ப்பார். அதன் பிறகு, அந்தக் குறை வாக்கெடுப்பின் போக்கைப் பாதித்ததா என்று பார்ப்பார். நிரலில் இல்லாத விஷயத்தில் கை தூக்க வைப்பது அந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலை எழுதிக் கொடுப்பது போலத்தான்.

முன்கூட்டியே படிக்க வேண்டிய ஆவணங்களுக்கு வந்தால் தராசு நகரசபைப் பக்கம் சாய்கிறது. அடுக்குமாடி அழைப்பில் கணக்குகள், வரவுசெலவுத் திட்டம், நிர்வாகியின் ஒப்பந்தம், பழுதுவேலைக்கான விலைப்புள்ளிகளின் முக்கிய நிபந்தனைகள், தபால்வழி வாக்களிக்கும் படிவம் எல்லாம் சேர்ந்து வரும். சில ஆவணங்கள் இணைக்கப்படாவிட்டால் அதற்குரிய தீர்மானமே செல்லாது என்பதால், நிர்வாகி கைக்குக் கிடைத்ததையெல்லாம் உறையில் திணித்து அனுப்புகிறார். அத்தனையையும் யார் படிக்கிறார்கள்? கூரை வேலைக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்றில் சாரம் கட்டும் செலவு சேர்ந்திருக்கும், மற்றதில் இருக்காது. அது எங்கோ பின்பக்கத்தில் கிடக்கும், கூட்டத்தில்தான் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

3,500 பேருக்கு மேற்பட்ட ஊரில் சட்டம் கேட்பது வேறு: ஒவ்வொரு விஷயத்துக்கும் விளக்கச் சுருக்கம் ஒன்று அழைப்போடு போக வேண்டும். என்ன பிரச்சினை, எவ்வளவு செலவு, என்ன முடிவு கேட்கிறோம் என்று சபை உறுப்பினர் விஷயம் தெரிந்து வாக்களிக்கும் அளவுக்கு அதில் இருந்தாலே போதும். சங்கத்துக்கு இதுதான் பொருந்தும். சந்தா உயர்வுக்கு அரைப் பக்கம் எழுதுங்கள்: மண்டப வாடகை எவ்வளவு கூடியது, எத்தனை பேர் கட்டுகிறார்கள், 30 யூரோவானால் வருடக் கடைசியில் கையில் என்ன நிற்கும். கணக்கறிக்கை முழுதையும் கூடவே இணைக்கலாம், ஆனால் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கணக்கறிக்கை மட்டும் 'பிறகு அனுப்பப்படும்' என்று எழுதுவது பரவலான பழக்கம். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு வந்த கணக்கை ஒப்புக்கொள்ளச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடுக்குமாடிக் கூட்டம், விதிகள் வேறு சொல்லாவிட்டால், கட்டடம் இருக்கும் ஊரிலேயே நடக்க வேண்டும். நகரசபை வழக்கமாக அதன் அலுவலகக் கட்டடமான மேரியில்தான் கூடும். சங்கத்துக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் முகவரியோடு எந்தக் கட்டடம், எந்த மாடி, வாசல் குறியீடு என்ன என்றும் எழுத வேண்டும். பாரிசில் குறியீடு தெரியாமல் கதவுக்கு வெளியே நின்றவரும் வராதவர் கணக்கில்தான் சேருவார்.

நேர அளவை இரண்டு சட்டங்களுமே கேட்பதில்லை, பலரும் எழுதுவதும் இல்லை. எழுத வேண்டும் என்பதே என் கட்சி. காரணத்தை அடுக்குமாடிக் கூட்டத்தில் பார்க்கலாம். மாலை ஆறரைக்குத் தொடங்கிய கூட்டத்தில் ஒன்பதரைக்கு ஒருவர் பின் ஒருவராக எழுந்து போவார்கள். போகிறவர் பெயரும் நேரமும் அறிக்கையில் ஏறும், அதற்குப் பிந்திய தீர்மானங்களுக்கு அவர் வராதவர். சாதாரணத் தீர்மானத்துக்கு அளிக்கப்பட்ட வாக்குகளில் பெரும்பான்மை போதும், அது தப்பிவிடும். எல்லா உரிமையாளரின் வாக்குகளையும் வைத்துப் பெரும்பான்மை கணக்கிடும் தீர்மானங்கள்தான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் எழுந்து போனவரின் பங்கும் அந்தக் கணக்கில் நிற்கிறது. மூன்றில் ஒரு பங்காவது ஆதரவு கிடைத்தால் உடனே எளிய பெரும்பான்மையில் இரண்டாவது வாக்கெடுப்பு வைக்க வழி உண்டு. அதற்கும் ஆள் குறைந்தால் கூட்டமே வீண்.

சங்கத்து யாப்பில் குறைந்தபட்ச வருகை நிபந்தனை இருந்தால் இதே சிக்கல்தான், குறிப்பாக யாப்பைத் திருத்தும் கூட்டத்தில். ஆகவே அழைப்பில் '18.30 முதல் 20.30 வரை, மண்டபம் 21.00க்கு மூடப்படும்' என்று போடுங்கள். நிரலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடம் எழுதுங்கள்: நிர்வாக அறிக்கை 15, கணக்கு 20, யாப்புத் திருத்தம் 30, சந்தா 20, மற்றவை 15. மொத்தம் 100 நிமிடம். மிச்சம் 20 கையெழுத்துப் பட்டியலுக்கும் தாமதமாக வருபவர்களுக்கும் போய்விடும். யாப்புத் திருத்தம் போல வருகை தேவைப்படும் தீர்மானத்தை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள், சந்தாவைப் பின்னால் தள்ளினாலும் அதற்காகக் காத்திருக்க ஆள் இருக்கும்.

அனுப்பும் வழியில் சாதாரண மின்னஞ்சலே போதும், யாப்பு அனுமதித்தால். உறுப்பினர் பட்டியலை அன்றைய தேதியோடு சேமித்து வையுங்கள், திரும்பி வந்த மின்னஞ்சல்களுக்கு அன்றே தாளில் ஒன்று போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போட்டதை நினைவூட்டல் என்று மட்டும் கொள்ளலாம். அந்தக் குழுவில் இல்லாத உறுப்பினர் எப்போதும் ஒருவர் இருப்பார், வழக்குப் போடுபவரும் பெரும்பாலும் அவர்தான்.