தவணை 3,720 ரூபாய், படிவத்தில் 12,000 ரூபாய்: ஆட்டோ டெபிட் கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

முதல்முறை கடன் வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக, ஆங்கிலப் படிவத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து" என்று விரலை வைத்துக் காட்டினால் அப்படியே போட்டுவிடுகிறவர்களுக்காக.

என் சித்தி மகன் திருப்பூரில் தையல் டெய்லர். 2025 ஜனவரியில் ஒரு பைக் எடுத்தான். ஷோரூமிலேயே ஒரு பைனான்ஸ் கம்பெனி மேசை போட்டு உட்கார்ந்திருக்கும், தெரியும்தானே. 72,000 ரூபாய் கடன், 24 மாதம், மாதத் தவணை 3,720 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. தவணை அவன் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும் என்று சொல்லி ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றே மாதத்தில் அந்தப் படிவம் அவனை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தப் பதிவு. நான் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன் என்பதால் கடைசியில் எல்லாக் காகிதமும் என்னிடம் வந்தது.

அந்தப் படிவத்தின் பெயர் நாச் மேண்டேட். நாச் என்பது தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்க வங்கிகள் பயன்படுத்தும் முறை, மேண்டேட் என்பது அதற்கான அனுமதிப் படிவம். அது கடன் ஒப்பந்தம் அல்ல. "இந்தக் கம்பெனி கேட்டால் என் கணக்கிலிருந்து பணம் கொடு" என்று உங்கள் வங்கிக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அனுமதி. கடன் எவ்வளவு, வட்டி என்ன, எதற்குக் கட்டணம் என்பதெல்லாம் இதில் இருக்காது. ஒரே பக்கம், அதிலும் பாதிதான் இருக்கும். சின்னக் காகிதம் என்பதாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை.

முதல் கோளாறு கையெழுத்திலேயே வந்தது. தம்பி வங்கியில் கணக்குத் தொடங்கியபோது தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஷோரூம் ஆள், "ஃபார்ம் இங்கிலீஷ்ல இருக்குல்ல, இங்கிலீஷ்லயே போட்ருங்க" என்று சொல்லியிருக்கிறார். வங்கி ஒப்பிட்டுப் பார்த்து, கையெழுத்து மாறுகிறது என்று மேண்டேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டது. படிவம் எந்த மொழியில் இருந்தாலும் சரி, வங்கிப் பதிவில் உள்ள அதே கையெழுத்தைத்தான் போட வேண்டும். தமிழ் என்றால் தமிழ். கூட்டுக் கணக்காக இருந்து, இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கணக்கு என்றால் இரண்டு பேரும் போட வேண்டும்.

இந்தத் தவறு யாருடையது என்பதை விடுங்கள், அதன் விளைவு மோசம். பிப்ரவரித் தவணையைக் கையில் கட்டினான். அப்புறம் புதுப் படிவம் என்று கூப்பிட்டு, "மறுபடியும் ரிஜெக்ட் ஆனா உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாருங்க" என்று மூன்று வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தொகை, தேதி எதுவும் எழுதவில்லை. பின்னால் அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பியதுதான் வங்கிக்குப் போனது. அதன் நகலை நாங்கள் வங்கியில் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

தொகை: பன்னிரண்டாயிரம். பக்கத்தில் 'மேக்ஸிமம் அமவுண்ட்' என்ற கட்டத்தில் டிக். எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்ற இடத்தில் 'மன்த்லி' கட்டம் காலி, 'ஆஸ் அண்ட் வென் ப்ரசென்டட்' கட்டத்தில் டிக். முடியும் தேதி: 2040.

இந்த மூன்றையும் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் உண்டு. 'ஃபிக்ஸ்டு அமவுண்ட்' என்றால் எழுதிய அந்தத் தொகை மட்டும்தான், கூடவும் முடியாது, குறையவும் முடியாது. 'மேக்ஸிமம் அமவுண்ட்' என்றால் எழுதிய தொகை வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அபராதம் சேர்ந்தால் அதையும் ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கடன் கம்பெனிகள் இரண்டாவதைத்தான் விரும்பும். அது சட்டவிரோதமும் இல்லை. ஆனால் உச்சவரம்பு தவணையைவிடக் கொஞ்சம் கூட இருப்பது வேறு, மூன்று மடங்குக்கு மேல் இருப்பது வேறு. 'மன்த்லி' என்றால் மாதத்துக்கு ஒருமுறை. இன்னொன்றோ அவர்கள் அனுப்பும்போதெல்லாம் என்று அர்த்தம். முடியும் தேதி, கடன் முடியும் தேதியைத் தாண்டி ஓரிரு மாதம் இருந்தால் போதும். தம்பியின் கடைசித் தவணை 2027 ஜனவரி 5. 2040 வரை அனுமதி எதற்கு?

இனி நடந்ததைப் பாருங்கள். தம்பிக்குச் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம், வாரக் கூலி. 2025 ஏப்ரல் 5 சனிக்கிழமை. கம்பெனியின் கோரிக்கை காலையிலேயே வங்கிக்கு வந்துவிட்டது. கணக்கில் அப்போது இருந்தது 1,100 ரூபாய். திரும்பிவிட்டது, அதாவது பவுன்ஸ். வங்கி தன் கட்டணமாக 250 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 295 ரூபாயை எடுத்துக்கொண்டது. மீதி 805.

அன்று ராத்திரி கணக்குப் போட்டிருக்கிறான். 1,100 இருக்கிறது, 2,900 போட்டால் 4,000, தவணை போக மிச்சமே இருக்கும் என்று. 295 போனதற்கான எஸ்எம்எஸ்ஸை அவன் கவனிக்கவில்லை. 2,900 போட்டதும் இருப்பு 3,705. திங்கட்கிழமை கம்பெனி மறுபடி கேட்டது. 15 ரூபாய் குறைந்ததால் மறுபடி பவுன்ஸ், மறுபடி 295. பற்றாக்குறை ஒரு ரூபாயாக இருந்தாலும் இதே கதைதான், இருக்கிற வரைக்கும் எடுத்துக்கொள் என்பது இதில் கிடையாது.

வாரக் கூலி வாங்குபவர்கள் இதில் எளிதாக மாட்டிக்கொள்வார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி என்று எந்த விடுப்பும் இல்லை. "வங்கி லீவு, திங்கட்கிழமை போட்டுக்கலாம்" என்ற பழைய நினைப்பு உதவாது. முந்தின நாள் ராத்திரியே, கட்டணம் ஏதாவது போயிருந்தால் ஈடுகட்டும் அளவுக்குச் சேர்த்து, பணம் கணக்கில் இருக்க வேண்டும். ஒருமுறை பவுன்ஸ் ஆகிவிட்டால் பாஸ்புக் இருப்பைப் பார்க்காமல் மனக்கணக்கில் பணம் போடாதீர்கள்.

ஏப்ரல் தவணையைப் பத்தாம் தேதி வசூல்காரரிடம் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கினான். முடிந்தது என்று நினைத்தோம். மே 5 அன்று கணக்கிலிருந்து ஒரே வரியில் 6,899 ரூபாய் போனது. தங்கையின் காலேஜ் ஃபீஸுக்குச் சித்தி சீட்டு எடுத்துப் போட்டுவைத்த பணம் அது.

வங்கியில் போய்க் கேட்டால் கைவிரித்தார்கள். அவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: கேட்ட தொகை 12,000க்குள் இருக்கிறதா? இருக்கிறது. எதற்கு எவ்வளவு என்ற பிரிப்பு அவர்களிடம் இல்லை. உச்சவரம்பு 4,500 என்று இருந்திருந்தால் இந்த 6,899 வாசலிலேயே நின்றிருக்கும்.

பிரிப்பைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டோம். தொலைபேசியில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், அதனால் மின்னஞ்சல்தான். வந்த பதில்: தவணை 3,720. பவுன்ஸ் கட்டணம் ஒன்றுக்கு 590 வீதம் இரண்டுக்கு 1,180. மிச்சம் 1,999 ரூபாய் ஏதோ வாகன உதவி மெம்பர்ஷிப்பாம். தம்பி அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

இங்கேதான் ஒரு காகிதம் கைகொடுத்தது. கடன் கொடுக்கும்போது வட்டி, கட்டணம், அபராதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற சுருக்கத்தைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2024 அக்டோபர் 1 முதல் வரும் தனிநபர்களின் சில்லறைக் கடன்களுக்கு இது கட்டாயம். அதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. தம்பிக்குக் கொடுத்தது ஆங்கிலத்தில்தான் இருந்தது, அதையும் தனியாகக் குறித்துச் சொன்னோம். பவுன்ஸ் கட்டணம் 590 அதில் இருந்தது. மெம்பர்ஷிப் இல்லை. "அவர் கையெழுத்திட்ட விண்ணப்பம் இருந்தால் நகல் அனுப்புங்கள்" என்று குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினோம். நகல் வரவில்லை, பணம் வந்தது. 1,999 மட்டும். 1,180 திரும்பவில்லை, வங்கி எடுத்த 590-உம் இல்லை. அந்த 1,999-உம் வராமல் போயிருந்தால், புகார் கொடுத்து 30 நாள் கழித்து, வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் போகலாம் என்று தயாராக இருந்தோம். அதற்குக் கட்டணம் இல்லை.

கோபத்தில் தம்பி, "மேண்டேட்டையே கேன்சல் பண்ணிடறேங்கண்ணா" என்றான். வேண்டாம் என்று தடுத்தேன். ரத்து செய்யக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, படிவத்தின் கீழே உள்ள உறுதிமொழியிலேயே அது அச்சாகியிருக்கிறது. ஆனால் மேண்டேட் போனால் கடன் போகாது. தவணை தவறும், சிபில் கெடும். பணம் இல்லாமல் மேண்டேட் திரும்பினால் 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில், செக் பவுன்ஸ் போலவே வழக்குப் போடவும் இடம் உண்டு. அதனால் பழையதை ரத்து செய்து புதியதைப் பதிவு செய்யச் சொல்லி எழுதினோம். உச்சவரம்பு 4,500, 'மன்த்லி', முடிவு 2027 மார்ச். கொஞ்சம் முரண்டு பிடித்தார்கள், பிறகு செய்தார்கள். பயன்படுத்தாத வெற்றுப் படிவங்களையும் திரும்பக் கேட்டோம். ஒன்று வந்தது, இன்னொன்று "கிழித்துவிட்டோம்" என்று மின்னஞ்சலில் பதில் வந்தது.

நீங்கள் போகும்போது, படிவத்தில் யுஎம்ஆர்என் என்ற எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது மேண்டேட் பதிவான பிறகு அதற்குக் கிடைக்கும் தனி எண். கம்பெனி பெயர், கணக்கு எண், தொகை எண்ணிலும் எழுத்திலும், 'மன்த்லி' டிக், தொடங்கும் தேதி, முடியும் தேதி, கடன் எண் அல்லது விண்ணப்ப எண், இவையெல்லாம் நிரம்பிய பிறகே கையெழுத்து. ஒரே ஒரு படிவம். போட்ட கையோடு அங்கேயே போனில் போட்டோ. எக்ஸ்ட்ரா கேட்டால், "ரிஜெக்ட் ஆனா கூப்பிடுங்க, வந்து போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். கடன் முடிந்து, பாக்கி இல்லை என்று கம்பெனி கொடுக்கும் என்ஓசி கடிதத்தை வாங்குகிற அன்றே, மேண்டேட் ரத்தானதற்கும் எழுத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள், பிறகு வங்கியில் அது உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.