சளியை வெளியேற்ற: ஊதும் கருவியா, வெறும் மூச்சா?

எனக்கு வலப்பக்க நுரையீரலின் அடிப்பாகத்தில் பிராங்கியெக்டேசிஸ். சிறுவயதில் வந்த நிமோனியா விட்டுப்போன சொத்து என்கிறார் மருத்துவர். சளி எடுக்கும் இரண்டு வழிகளையும் மாறி மாறிச் செய்து பார்த்துவிட்டு, இப்போது மூச்சுப் பயிற்சியில் நிற்கிறேன். அதனால் இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நல்ல மூச்சுக்குழாயில் நுண்ணிய மயிரிழைகள் சளியை ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். இந்த நோயில் குழாய் நிரந்தரமாக விரிந்து, சுவர் தளர்ந்து, மயிரிழைகளும் பழுதாகிவிடும். சளி தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி குடியேறும். கிருமியோடு சண்டைக்கு வரும் வெள்ளணுக்கள் விடும் நொதிகள் குழாய்ச் சுவரையும் சேர்த்தே அரிக்கும், சளி இன்னும் கூடும். பலமாக இருமித் தள்ளலாமே என்றால், அந்த அழுத்தத்தில் தளர்ந்த குழாய் நசுங்கி மூடிக்கொள்கிறது. ஆகவே சளிக்குப் பின்னால் காற்றைக் கொண்டுபோய், குழாய் மூடாதபடி தள்ள வேண்டும்.

கருவி இதை எளிதாக்குகிறது. கொஞ்சம் ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, கருவிக்குள் நிதானமாக ஊத வேண்டும். அதன் எதிரழுத்தம் குழாயைத் திறந்து வைக்கும், அதிர்வு சளியை இளக்கும். சுமார் பத்து மூச்சு ஊதியபின் இரண்டு ஹஃப், அதாவது வாயைத் திறந்து ‘ஹா’ என்று காற்றைத் தள்ளுவது. கன்னம் உப்பினால் அதிர்வு வாயிலேயே தங்கிவிடும், நெஞ்சுக்கு இறங்காது. கற்க ஒரு நாள் போதும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம். இதிலெல்லாம் கருவிக்குத்தான் வெற்றி.

என்னைத் தோற்கடித்தது அதைக் கழுவும் வேலை. ஒவ்வொரு முறையும் பிரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும். அவ்வப்போது தயாரிப்பாளர் சொன்னபடி கிருமிநீக்கமும் உண்டு. காலை, மாலை என்றால் நாளுக்கு இரண்டு தடவை. நம் வீவக வீட்டுச் சமையலறையில் மழை நாளில் கரண்டியே காய மாட்டேன் என்கிறது, இது எங்கே காயும்? இரவு வேலை முடிந்து வந்த ஒரு வாரம், ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். திறந்தபோது ஊத்தை நாற்றம். இந்த நோய்க்காரர்களைப் படுத்தும் சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு ஈரம்தான் பிடித்த இடம். அதில் வாய் வைத்து ஊதுவதா? அப்புறம் கழுவச் சோம்பி, பயிற்சியையே தள்ளிப்போட ஆரம்பித்தேன். அதுதான் பெரிய நஷ்டம்.

மூச்சுப் பயிற்சிக்குக் கழுவ ஒன்றுமில்லை. கோளாறு வலது அடிப்பாகத்தில் என்பதால், அந்தப் பக்கம் மேலே வர இடது பக்கமாகப் படுக்கிறேன். முதலில் தோளைத் தளர்த்தி, சாதாரண மூச்சு அரை நிமிடம். பிறகு மூன்று நான்கு ஆழமான மூச்சு, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி பிடித்து நிறுத்தி. அந்த நிறுத்தத்தில்தான் நுரையீரலின் பக்கத்துக் காற்றறைகள் வழியாகக் காற்று சளிக்குப் பின்னால் போகிறது. மறுபடி சாதாரண மூச்சு, பிறகு ஹஃப்: வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல் ‘ஹா’ என்று. நடுத்தர மூச்சோடு நீளமாக ஊதினால் அடியில் இருப்பது நகரும், நிறைய இழுத்துச் சட்டென்று ஊதினால் மேலே வந்தது வெளியேறும். இப்படியே இருபது நிமிடம். அடுத்தடுத்து இரண்டு ஹஃபும் வறட்டு ஓசையோடு, சளி இல்லாமல் வந்தால் நிறுத்திவிடுவேன். தொடக்கத்தில் ஆத்திரத்தில் ஹஃபாகவே ஊதி நெஞ்சு இறுகி விசில் அடித்தது; இடையில் வரும் சாதாரண மூச்சு எதற்கென்று அன்றுதான் புரிந்தது. பிசியோதெரபிஸ்ட் இரண்டு முறை திருத்திய பிறகே எனக்கு ஒழுங்காக வந்தது. சளியில் ரத்தம் தெரிந்தால் எந்த முறையானாலும் நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கருவியைக் கைவிட்டு, மாற்றாக ஒன்றும் பிடிக்காமல் திரிந்த அந்த வருடம் மூன்று முறை சளி பச்சையாகிக் காய்ச்சலில் விழுந்தேன். வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ என்றால்தான் நீண்டகால ஆன்டிபயாடிக் பேச்சு வரும். பெரும்பாலும் அசித்ரோமைசின், வாரத்தில் மூன்று நாள், குறைந்தது ஆறு மாதம். ஆனால் மருத்துவர் முதலில் கேட்டது, “வாரத்தில் எத்தனை நாள் சளி எடுக்கிறீர்கள்?” என்றுதான். அசடு வழிந்தேன். மாத்திரைக்கு முன் சளியில் காசநோய் இனத்தைச் சேர்ந்த வேறு கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்கும்போது இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் அது மருந்துக்கு அடங்காததாகிவிடும். இதயத் துடிப்புக்கு இசிஜி, காது கேட்கும் திறன், கல்லீரல் எல்லாம் பார்ப்பார்கள். சூடோமோனாஸ் நிலைத்துவிட்டவர்களுக்கு மூச்சில் இழுக்கும் ஆன்டிபயாடிக்கும் உண்டு.

எனக்கு ஆறு மாதம் தவணை கொடுத்தார். அதில் ஒரு முறைதான் விழுந்தேன். பயிற்சியாலா, அந்த ஆறு மாதம் புகைமூட்டம் வராததாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மாத்திரைச் சீட்டு இன்னும் எழுதப்படவில்லை. கருவி அலமாரியில், நன்றாகக் காய்ந்து இருக்கிறது.