6–6க்குப் பிறகு: டென்னிஸ் செட்டை எப்படி முடிப்பது நியாயம்?

டென்னிஸில் ஒரு செட் ஆளுக்கு ஆறு கேம் என்று 6–6 ஆகிவிட்டால் அடுத்து என்ன செய்வது? பழைய விதி ரொம்ப எளிமையானது: யாராவது இரண்டு கேம் முன்னிலை பெறும்வரை ஆடிக்கொண்டே இருங்கள். இதை அட்வான்டேஜ் செட் என்பார்கள். இதில் அநியாயம் எதுவும் இல்லை. இருவரும் மாறி மாறி சர்வீஸ் செய்கிறார்கள். ஜெயிக்க வேண்டுமென்றால் எதிராளி சர்வீஸ் செய்யும் கேமை ஒருமுறையாவது வென்று, அதாவது உடைத்தே ஆக வேண்டும். சிக்கல், அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான்.

ஏன் அவ்வளவு நீள்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். தன் சர்வீஸில் நூற்றுக்கு 75 பாயின்ட்டை எடுக்கும் இருவர் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேமை வெல்ல நான்கு பாயின்ட்டாவது வேண்டும், அதிலும் இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். ஆகவே சர்வீஸ் செய்பவரின் சாதகம் கேம் அளவில் பெருகி, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 95 கேம்களை அவர் தக்கவைத்துவிடுகிறார். ஆளுக்கு ஒரு கேம் என்று இரண்டிரண்டாக எண்ணினால், ஒரு ஜோடி கேமில் செட் முடியும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். அதாவது 6–6க்குப் பிறகு சராசரியாக இன்னும் 20 கேம் ஆட வேண்டியிருக்கும்.

2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் ஆடியது இந்தக் கணக்கின் உச்சம். ஐந்தாவது செட் 70–68. அந்த 138 கேமில் உடைந்தது கடைசி கேம் ஒன்றே ஒன்று. ஆட்டம் மூன்று நாள்களில் பரவி 11 மணி 5 நிமிடம் நீடித்தது. அடுத்த சுற்றில் இஸ்னர் 0–6, 3–6, 2–6 என்று தோற்றார். ஜெயித்தவரையே அடுத்த ஆட்டத்துக்கு லாயக்கில்லாமல் செய்துவிடும் விதியை நல்ல விதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்கு மாற்றைத் தேடியவர் அமெரிக்கரான ஜிம்மி வான் ஆலன். 1970இல் யு.எஸ். ஓப்பன் ஏற்றுக்கொண்ட அவருடைய முறையில் மொத்தமே ஒன்பது பாயின்ட். ஐந்தை முதலில் தொட்டவருக்கு செட். 4–4 ஆனால் அடுத்த ஒரே பாயின்ட்டில் தீர்ப்பு. நேரத்துக்கு உறுதியான எல்லை கிடைத்தது, ஆனால் சமநிலை போய்விட்டது. ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் ஒருவருக்கு ஒரு சர்வீஸ் கூடுதலாகப் போகிறது. இரண்டு பாயின்ட் வித்தியாசம் என்ற பாதுகாப்பும் இல்லை. 1975இல் யு.எஸ். ஓப்பன் இதைக் கைவிட்டது சரியான முடிவு.

அந்த இடத்துக்கு வந்தது இன்று எல்லோருக்கும் தெரிந்த டைபிரேக். ஏழு பாயின்ட்டை முதலில் எட்ட வேண்டும், இரண்டு வித்தியாசம் இருக்க வேண்டும். முதலில் ஒருவர் ஒரே ஒரு சர்வீஸ் செய்வார். அப்புறம் எதிராளிக்கு இரண்டு, மறுபடி இவருக்கு இரண்டு என்று போகும். ஆறு பாயின்ட்டுக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள். அந்த முதல் ஒற்றை சர்வீஸில்தான் இதன் அழகே இருக்கிறது. பாயின்ட்களை இரண்டிரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஜோடியிலும் இவர் ஒன்று, அவர் ஒன்று சர்வீஸ் செய்திருப்பார். அட்வான்டேஜ் செட்டின் நியாயம் அப்படியே இங்கேயும் இருக்கிறது, அளவு மட்டும் கேமிலிருந்து பாயின்ட்டுக்குச் சுருங்கியிருக்கிறது. அதே 75 சதவீத ஆட்டக்காரர்களுக்கு, டைபிரேக்கிலும் பாயின்ட் 6–6 ஆனால், அதற்குப் பிறகு வரும் ஒரு ஜோடி பாயின்ட்டில் அது முடியும் வாய்ப்பு 37.5 சதவீதம். பத்தில் ஒன்றோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஏழு பாயின்ட் சின்ன அளவு என்பதால், ஒரேயொரு தவறான ஷாட் முழு செட்டையும் கொண்டுபோய்விடும். முதல் செட்டில் அப்படி நடந்தால் பரவாயில்லை, மீண்டு வரலாம். கடைசி செட்டில் அந்த வழி கிடையாது. அதனால்தான் கடைசி செட்டுக்கு ஆளாளுக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். விம்பிள்டன் 2019இல் 12–12 வரை காத்திருந்து டைபிரேக் என்றது. அதே ஆண்டு இறுதிப் போட்டியில் ஃபெடரர் மொத்தம் 218 பாயின்ட், ஜோகோவிச் 204. ஆனால் மூன்று டைபிரேக்கையும் வென்ற ஜோகோவிச்சுக்கே கோப்பை. ஐந்தாவது செட்டில் 8–7 என்று முன்னிலையில் இருந்தபோது ஃபெடரர் தன் சர்வீஸில் இரண்டு மேட்ச் பாயின்ட்டைத் தவறவிட்டிருந்தார்.

2022இல் நான்கு கிராண்ட்ஸ்லாமும் ஒரே விதிக்கு வந்தன: கடைசி செட் 6–6 ஆனால் பத்து பாயின்ட் டைபிரேக். சர்வீஸ் வரிசை அதேதான், இரண்டு வித்தியாசமும் அதேதான். மூன்று பாயின்ட் கூடுவதால் ஆரம்பத்தில் சறுக்கியவர் அதை ஈடுகட்ட அவகாசம் கிடைக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

டைபிரேக்கில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவும் இந்த ஜோடிக் கணக்கே போதும். மொத்தப் பாயின்ட் இரட்டைப்படையாக இருக்கும்போது ஸ்கோரைப் பாருங்கள். 3–3 என்றால் யாருக்கும் சாதகமில்லை. 4–2 என்றால் முன்னால் இருப்பவர் எதிராளியின் சர்வீஸில் ஒரு பாயின்ட் கூடுதலாகப் பறித்திருக்கிறார். 4–3 போன்ற ஒற்றைப்படை ஸ்கோரில் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள், அடுத்த சர்வீஸ் யாருடையது என்பதைப் பொறுத்து அது முன்னிலையாகவும் இருக்கலாம், வெறும் முறை வரிசையாகவும் இருக்கலாம்.