21-ஆம் நாளில் நின்றுபோன கடிகாரம்: கஹான் கூட்டலுடன் நான்கு வருடங்கள்

கணினி எண்களைக் கூட்டும்போது ரவுண்டிங்கில் தொலைவதைக் குறித்து வைத்து, அடுத்த முறை சரிசெய்யும் முறைதான் கஹான் கூட்டல். அதை நான் பாடத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு கருவி 21 நாள் ஓடிவிட்டு மணி காட்டுவதை நிறுத்தியதால்தான் அதைத் தேடிப் போனேன்.

கருவி சாதாரணமானதுதான். குழாயில் ஓடும் நீரை விநாடிக்குப் பத்து முறை அளந்து, மொத்த லிட்டரைக் கூட்டிக்கொண்டே போகும். கூடவே ஓடிய நேரத்தையும் காட்டும். உள்ளே இருந்த சிப்பில் தசம எண்களைப் பொறுத்தவரை 32 பிட் ஃப்ளோட்டுக்கு மட்டுமே வன்பொருள் ஆதரவு உண்டு, அதனால் எல்லாவற்றையும் `float` என்றே எழுதியிருந்தேன். நேரத்துக்கு ஒரே வரி: ஒவ்வொரு அளவீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு டிக்குக்கும், `s += 0.1f`.

மேசையில் ஒரு மணி நேரம் சோதித்தபோது எல்லாம் சரி. களத்தில் ஆறாம் நாள் கடிகாரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. 12-ஆம் நாள் முடிவில் பார்த்தால் ஒரு நாளுக்கும் மேல் முந்திப் போயிருந்தது. 21-ஆம் நாள் முடிவதற்குள் 2097152 விநாடி, அதாவது 24 நாள் ஆறரை மணி என்று காட்டி, அங்கேயே உறைந்துவிட்டது. பின்தங்கி, முந்தி, அப்புறம் நின்றுபோகும் கடிகாரத்தை வன்பொருள் கோளாறு என்று நினைத்து கிரிஸ்டலை மாற்றிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காரணம் ஃப்ளோட்டின் இடைவெளியில் இருக்கிறது. 32 பிட் ஃப்ளோட்டில் 24 பிட் துல்லியம்தான் உண்டு. எண் பெரிதாகப் பெரிதாக, பக்கத்து எண்ணுக்கான தூரமும் ஒவ்வொரு இரண்டின் அடுக்கிலும் இரட்டிப்பாகும். கூட்டுத்தொகை 262144-ஐத் தாண்டியதும் அந்தத் தூரம் 0.03125. அதன் மடங்குகளில் 0.1-க்கு மிக அருகில் இருப்பது 0.09375, ஆகவே ஒவ்வொரு டிக்கும் கொஞ்சம் குறைத்தே கூட்டுகிறது. 524288-ஐத் தாண்டினால் தூரம் 0.0625, அருகிலுள்ள மடங்கு 0.125. இப்போது ஒவ்வொரு டிக்கும் 25 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது. 2097152-இல் தூரம் 0.25 ஆகிவிடும். 0.1 அதில் பாதிகூட இல்லை, எனவே கூட்டினாலும் ஒன்றும் நடக்காது.

ரவுண்டிங் பிழைகள் மேலும் கீழுமாக ஒன்றையொன்று அடித்துவிடும் என்று நம்பியிருந்தேன். ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்பக் கூட்டும்போது அது நடக்காது. லட்சக்கணக்கான டிக்குகளுக்கு ஒரே திசையில்தான் பிழை சேரும். ஒரு கோடி முறை `0.1f` கூட்டினால் 1000000-க்குப் பதிலாக 1087937 வரும். இந்த எண் எனக்கு இப்போது மனப்பாடம்.

கடிகாரத்துக்கு உண்மையான மருந்து கஹான் இல்லை. டிக்குகளை முழு எண்ணாக எண்ணிவிட்டு, காட்டும்போது பத்தால் வகுத்தால் போதும். அதை அன்றே மாற்றினேன். ஆனால் லிட்டர் கணக்கில் ஒவ்வொரு அளவும் வேறு வேறு. அங்கே இதைவிட மோசமான ஒன்று நடந்தது. மொத்தம் 524288 லிட்டரைத் தாண்டிய கருவியில், டிக்குக்கு 0.02 லிட்டர் என்ற மெல்லிய கசிவு கூட்டுத்தொகையில் ஏறவே இல்லை. பெரிய ஓட்டம் பதிவானது, கசிவு மட்டும் காணாமல் போனது. கசிவைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கருவியையே வைத்திருந்தார்கள்.

வில்லியம் கஹான் 1965-இல் வெளியிட்ட முறை இதுதான்:

```c
static float s = 0.0f, c = 0.0f;

void add(float x) {
    float y = x - c;
    float t = s + y;
    c = (t - s) - y;
    s = t;
}
```

`t - s` என்பது உண்மையில் எவ்வளவு ஏறியது. `y` என்பது எவ்வளவு ஏறியிருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை `c` வைத்துக்கொண்டு அடுத்த முறை கழிக்கிறது, கடையில் சில்லறை பாக்கியைக் குறித்து வைப்பது மாதிரி. `s` 524288-இல் இருக்கும்போது 0.1-ஐ ஐந்து முறை கூட்டிப் பாருங்கள். முதல் முறை 0.125 ஏறும், 0.025 கூடுதல் என்று `c` குறித்துக்கொள்ளும். அடுத்து கூட்ட வேண்டியது 0.075, ஏறுவது 0.0625. இப்படியே 0.125, 0.0625, 0.125 என்று போய் ஐந்தாவது முறையில் மொத்தம் 0.5 ஏறியிருக்கும், `c` பூஜ்யத்துக்கு வந்திருக்கும். 0.02 லிட்டர் கசிவும் இப்படித்தான் `c`-இல் சேர்ந்து, போதுமான அளவு வந்ததும் `s`-க்குள் நுழைகிறது. ஒரு கூட்டலுக்குப் பதில் நான்கு செயல்கள். விநாடிக்குப் பத்து முறை நடக்கும் வேலையில் அது ஒரு செலவே இல்லை.

முதல் வருடம் நிம்மதியாகப் போனது. இரண்டாம் வருடம், வேறொரு பகுதி வேகமாக ஓட வேண்டும் என்று குழுவில் ஒருவர் பில்டில் `-ffast-math` என்ற கம்பைலர் கொடியைச் சேர்த்தார். அந்தக் கொடி, கூட்டல் கழித்தலை வழக்கமான இயற்கணிதம்போல் மாற்றி அடுக்கலாம் என்று கம்பைலருக்கு அனுமதி கொடுக்கிறது. இயற்கணிதப்படி `((s + y) - s) - y` பூஜ்யம்தானே! கம்பைலர் `c`-ஐ மொத்தமாக நீக்கிவிட்டது. எச்சரிக்கை கிடையாது, குறைந்த தொகையில் விடையும் சரியாகவே வரும். `-O2`, `-O3` இதைச் செய்வதில்லை, `-Ofast` செய்யும். அன்றிலிருந்து இந்தச் செயல்பாடு தனிக் கோப்பில், அந்தக் கொடி இல்லாமல் கம்பைல் ஆகிறது. ஒவ்வொரு பில்டும் சிப்பிலேயே `0.1f`-ஐ ஒரு கோடி முறை கூட்டிச் சோதிக்கிறது. 1000000 வந்தால் சரி, 1087937 வந்தால் கஹான் செத்துவிட்டது என்று அர்த்தம்.

கணினியில் பதிவுகளை அலசும்போது இன்னொரு எல்லை தெரிந்தது. கூட்டுத்தொகையைவிடப் பெரிய எண் ஒன்று வந்து சேர்ந்தால், கஹான் பழைய தொகையின் கடைசி இலக்கங்களைக் கவனிக்காமல் விட்டுவிடும். `[1, 1e100, 1, -1e100]` என்ற பட்டியலுக்கு அது 0 என்கிறது, சரியான விடை 2. கணிதவியலாளர் நொய்மையர் இந்த முறைக்குச் செய்த திருத்தம், இரண்டில் எது பெரியது என்று பார்த்துவிட்டு, சிறியதில் தொலைந்ததைத் தனியாகச் சேர்த்து வைத்து முடிவில் கூட்டும். பைத்தான் 3.12 முதல் `sum()` ஃப்ளோட்டுகளுக்கு ஈடுசெய்தே கூட்டுகிறது, `math.fsum` அதைவிடக் கறாரானது. பைத்தானின் NumPy நூலகத்தில் மட்டும் கவனம் தேவை: `np.sum` இரண்டிரண்டாகப் பிரித்துக் கூட்டுவதால் பெரும்பாலும் தப்பிக்கும், `np.cumsum` வெறும் லூப்தான். ஃப்ளோட் 32 வரிசையைக் கொடுத்தால் அதே 1087937 வந்து நிற்கும். `dtype=np.float64` கொடுத்துவிடுகிறேன்.

அப்படியானால் கருவியிலும் நொய்மையரையே போடலாமே என்று தோன்றி ஒரு முறை போட்டும் பார்த்தேன், திரும்ப எடுத்துவிட்டேன். அதில் திருத்தம் தொகைக்குள் திரும்பப் போவதில்லை, `c`-இலேயே குவிகிறது. `s` உறைந்த பிறகு எல்லாமே `c`-க்குத்தான் போகும், அதுவும் ஒரு சாதாரண லூப்பாக மாறிப் பழைய கதையைத் தொடங்கும். முடிவுள்ள பட்டியலுக்கு அது நல்லது, வருடக்கணக்கில் ஓடும் மீட்டருக்குக் கஹான்தான்.

போன வருடம் பிடித்த கடைசிப் பிழை என்னுடையதே. மின்சாரம் போனால் தொகை தொலையக்கூடாது என்று `s`-ஐ ஃப்ளாஷில் எழுதி வந்தேன், `c`-ஐ எழுதவில்லை. அடிக்கடி மின்சாரம் போய் வரும் இடத்தில் இருந்த ஒரு கருவி ஒவ்வொரு முறையும் பாக்கிக் கணக்கை மறந்து எழுந்திருக்கிறது. இப்போது இரண்டும் சேர்ந்து எட்டு பைட்டாகப் போகின்றன.